ஆற்றுக்குப் போகும் முன்

எங்கள் பூதலப்பட்டிலிருந்து காணிப்பாக்கம் கிட்டத்தில்தான். வரசித்தி விநாயகர் கோயிலை ஒட்டிப் போகும் ஆற்றுக்குப் பாகுதா என்று பெயர். பசி தாங்காமல் பிறர் தோட்டத்து மாங்கனியைத் தின்ற லிகிதனின் கைகளை அரசன் வெட்டினான். இந்த ஆற்றில் முழுகியதும் கைகள் திரும்ப வந்தன. கை கொடுத்த ஆறு என்பதால் பாகுதா. சின்ன வயதில் பாட்டி சொல்லிக் கேட்ட கதை இது. பாவத்தை ஆறு கொண்டுபோய்விடும் என்று அன்றைக்கு நான் புரிந்துகொண்டேன். அது பாதிக் கதைதான் என்பது 2025 செப்டம்பர் 23ஆம் தேதி மாலை, மும்பையின் பாவுச்சா தக்கா படகுத்துறையில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

அன்று யூதர்களின் புத்தாண்டு, ரோஷ் ஹஷானாவின் முதல் நாள். அவர்கள் கணக்கில் 5786ஆம் ஆண்டு பிறந்திருந்தது. கொங்கண் கரையின் பழைய யூதர்களான பெனே இஸ்ரவேலர்கள் வீட்டில் பேசுவது மராத்தி. இந்தப் பண்டிகையை அவர்களின் முன்னோர் ‘நவ்யாச்சா சண்’, புதுசின் திருநாள், என்று அழைத்தார்கள். அந்தச் சமூகத்துப் பெரியவர் ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கம். சாயங்காலம் கடலுக்குப் போகிறோம், வருகிறாயா என்று கேட்டிருந்தார். போகும் முன்பே ஒன்று சொல்லிவைத்தார். பண்டிகை நாளில் எழுதக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, வண்டி ஏறக்கூடாது. நான் கைப்பேசியை அறையில் வைத்துவிட்டுப் போனேன். இங்கே எழுதுவதெல்லாம் அன்றிரவு நினைவிலிருந்து குறித்தவை.

பிற்பகல் தொழுகை முடிந்ததும் பதினைந்து பேர் போல நடந்தே கிளம்பினோம். மஸ்ஜித் பந்தர் பக்கம் சாமுவேல் தெருவைக் கடக்கும்போது பெரியவர் நின்றார். மும்பையின் முதல் ஜெப ஆலயம் 1796இல் அங்கே எழுந்தது. கட்டியவர் சாமுவேல் எசேக்கியேல் திவேகர் என்ற படைவீரர். திப்புவின் சிறையில் இருந்தபோது, உயிரோடு திரும்பினால் ஆலயம் கட்டுவதாக அவர் நேர்ந்துகொண்டார் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. திப்புவின் தந்தை ஹைதர் அலி 1782இல் கண்மூடியது எங்கள் சித்தூருக்குப் பக்கத்தில் என்று நான் சொன்னேன். பெரியவர் சிரித்து என் தோளில் கைவைத்து நடந்தார்.

துறையில் மீன்வாடை. மோட்டார் படகுகள் ரேவஸ் போய் வந்துகொண்டிருந்தன. அந்தக் கரைக்கு அருகில்தான், நவ்காவில், கப்பல் உடைந்து ஏழு ஆண்களும் ஏழு பெண்களுமாகத் தங்கள் முன்னோர் கரையேறினார்கள் என்று பெனே இஸ்ரவேலர்கள் சொல்லுவார்கள். கூட்டம் குறைவான ஒரு மூலையில் தண்ணீரைப் பார்த்து எல்லாரும் நின்றார்கள். ஓடும் தண்ணீரோ கடலோ, மீன் உள்ள இடமாக இருந்தால் நல்லது என்பது வழக்கம். மீனுக்கு இமை இல்லை, கண் மூடுவதில்லை. மனிதரைப் பார்த்திருக்கும் கடவுளின் கண்ணும் அப்படித்தான் என்று ஒரு பொருள் சொல்லுகிறார்கள். வலையில் திடீரென்று சிக்கும் மீனைப் போலத்தான் நாமும் என்பது இன்னொரு பொருள். மீன் இல்லாத ஊரில் ஓடை போதும், எருசலேமில் கிணற்றடியில்கூடச் செய்திருக்கிறார்கள்.

சடங்கின் பெயர் தஷ்லீக். மீகா தீர்க்கதரிசியின் நூலில் கடைசி மூன்று வசனங்கள்தான் இதன் உயிர். இன்னொரு பெரியவர் முன்மொழிய, மற்றவர்கள் எபிரேயத்தில் ஓதினார்கள். பிறகு ஒவ்வொரு வசனமாக என் நண்பர் எனக்கு விளக்கினார். முதல் வசனம் ஒரு கேள்வியில் தொடங்குகிறது: குற்றத்தைச் சுமந்து, மீறலைக் கடந்துபோகிற கடவுள் வேறு யார் இருக்கிறார்? அவர் கோபத்தை நெடுங்காலம் பிடித்து வைப்பதில்லை, இரக்கம் காட்டுவதே அவருக்குப் பிடித்தம் என்கிறது. இரண்டாவது, அவர் மறுபடி இரங்கி நம் குற்றங்களைக் காலின் கீழ் அடக்குவார், பாவம் முழுவதையும் கடலாழத்தில் எறிவார் என்கிறது. மூன்றாவது, யாக்கோபுக்கும் ஆபிரகாமுக்கும் முற்காலத்தில் கொடுத்த வாக்கை நினைவூட்டி முடிகிறது. இந்த மூன்றையும் பதின்மூன்று துண்டாகப் பிரித்து, மோசேக்குச் சொல்லப்பட்ட கடவுளின் பதின்மூன்று இரக்கக் குணங்களோடு ஒவ்வொன்றாகப் பொருத்துவது ஓதுபவர்களின் மரபு. அதனால்தான் அவசரம் இல்லாமல், துண்டுக்குத் துண்டு நிறுத்தி ஓதினார்கள். கூடவே 118ஆம், 33ஆம் சங்கீதங்களும் வந்தன.

தஷ்லீக் என்ற சொல் இரண்டாம் வசனத்தில் வருகிறது. “இதற்கு ‘நீ எறிவாய்’ என்று பொருள், பேட்டா” என்றார் பெரியவர். “எறிகிறவன் நான் இல்லை. கடவுளைப் பார்த்துச் சொல்லுகிற சொல் அது.”

நான் அதுவரை நினைத்திருந்தது வேறு. பாவத்தைத் தண்ணீரில் வீசும் சடங்கு என்றால், வீசுகிறவன் மனிதன் என்றே எண்ணியிருந்தேன். வசனத்தின் வினைச்சொல்லோ அந்த வேலையை மனிதனிடமிருந்து எடுத்துவிடுகிறது. ஆழம் என்பதற்கு மீகா ஆளும் சொல்லும் வெறும் சொல் இல்லை. செங்கடலைக் கடந்தபின் மோசே பாடிய பாட்டில் பார்வோனின் படை கல்லைப் போல மூழ்கிய இடத்துக்கும் அதே சொல்தான். துரத்தி வந்த படையை மூழ்கடித்தது போலத் துரத்தும் பாவத்தையும் மூழ்கடி என்று கேட்கிறார்கள். மனிதன் அங்கே துரத்தப்படுகிறவன்.

ஓதி முடித்து ஆண்களும் பெண்களும் உடுப்பின் ஓரத்தைப் பிடித்து மூன்று முறை உதறினார்கள். சிலர் சட்டைப்பையை வெளியே இழுத்து உதறினார்கள். ஒட்டிக்கொண்டிருப்பது எதுவும் வேண்டாம் என்பதன் அடையாளம் அது. ஒரு சிறுவன் கையில் ரொட்டித் துண்டு வைத்திருந்தான். எறியப்போனவனை அவன் பாட்டி தடுத்தார். பாவத்தை ரொட்டித் துணுக்கில் ஏற்றி எறிவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்தச் சடங்கை முதன்முதலில் எழுத்தில் விரிவாகச் சொன்ன ஜெர்மானிய ரப்பி யாக்கோப் மோலின், 1427இல் மறைந்தவர், அதைக் கூடாது என்றே சொல்லிவிட்டார். நம்மை நம்பி வாழாத உயிருக்குப் பண்டிகை நாளில் தீனி போடுவது விதிக்குப் புறம்பு. நீர்க்கரைக்குப் போவதற்கு அவர் சொன்ன காரணமும் வேறு. மகனைப் பலி கொடுக்கப் போன ஆபிரகாமைத் தடுக்கச் சாத்தான் ஆறாக உருவெடுத்தான். கழுத்தளவு தண்ணீர் ஏறியும் ஆபிரகாம் திரும்பவில்லை. அந்த உறுதியை நினைக்கவே தண்ணீரண்டை போகிறோம் என்றார் அவர்.

எல்லா யூதர்களும் இதைச் செய்தார்கள் என்றும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பேரறிஞர் வில்னா காவோன் செய்யவில்லை. முதல் நாள் சனிக்கிழமையில் வந்தால் பல சமூகத்தார் இரண்டாம் நாளுக்குத் தள்ளுவார்கள். புத்தாண்டில் தவறவிட்டவர் கூடாரப் பண்டிகையின் ஹோஷானா ரப்பா நாள்வரை செய்யலாம். நாளை இப்படி நகர்த்தலாம், தண்ணீரை மாற்றலாம். ஆனால் ஒன்றை மட்டும் நகர்த்த முடியாது என்றார் பெரியவர். கரையில் மற்றவர்கள் வாழ்த்துச் சொல்லிக் கலைந்துகொண்டிருக்க, அவர் தன் கதையைச் சொன்னார்.

அம்மாவின் வீட்டை விற்ற பணத்தில் அவருக்கும் இஸ்ரேலில் குடியேறிய தம்பிக்கும் மனத்தாங்கல். கணக்கைத் திரும்பப் பார்த்தபோது தவறு தன் பக்கம் என்று அவருக்குத் தெரிந்தது. குறைந்த பணத்தை அனுப்பிவிட்டார். ஆனால் பணம் திரும்பினால் மட்டும் போதாது. மனிதனுக்கும் கடவுளுக்கும் நடுவே உள்ள பாவத்தைத்தான் பாவநிவாரண நாள் தீர்க்கும். மனிதனுக்கு மனிதன் செய்ததை, பாதிக்கப்பட்டவரை அமைதிப்படுத்தும்வரை அதுவும் தீர்க்காது என்பது மிஷ்னாவின் யோமா பகுதியில் உள்ள விதி. எத்தனை முறை கேட்பது என்பதற்கும் தல்முத் வரம்பு சொல்லியிருக்கிறது, மூன்று முறை. கேட்கவேண்டியவர் இறந்துவிட்டால் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய்ச் சொல்லவேண்டும்.

“பண்டிகைக்கு முன்னால் இரண்டு முறை போன் செய்தேன். முதல் தடவை எடுக்கவே இல்லை. அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. இரண்டாவது தடவை எடுத்தான். ‘பார்க்கலாம்’ என்றான். அதனால் ஒன்றுதான் ஆகியிருக்கிறது. அக்டோபர் 2 பாவநிவாரண நாள். அதற்குள் இன்னும் இரண்டு தடவை கேட்கவேண்டும்.”

“அப்படியானால் இன்றைக்கு உதறினீர்களே, அது?” என்றேன்.

அவர் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். “தம்பி சம்பந்தப்பட்டது பையிலேயே இருக்கிறது. மற்றதைத்தான் உதறினேன்.”

அப்போதுதான் எனக்கு லிகிதன் கதை முழுதாக நினைவுக்கு வந்தது. மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் அது விரிவாக இருக்கிறது. அண்ணன் சங்க முனிவரின் ஆசிரமத்துப் பழத்தைக் கேளாமல் தின்றவன் லிகிதன். நீ செய்தது திருட்டு, அரசனிடம் போய்ச் சொல் என்றார் அண்ணன். அவன் தானாகவே நடந்து போனான். அரசன் மன்னிக்க முன்வந்தும் தண்டனையே கேட்டு வாங்கினான். கை போனபின் அண்ணனிடம் வந்து பொறுத்துக்கொள்ளும்படி வேண்டினான். எனக்கு உன்மேல் கோபமே இல்லை என்று சொல்லித்தான் சங்க முனிவர் அவனைப் பாகுதாவுக்கு அனுப்பினார். பாட்டி சொன்னதில் ஆறு முதலிலேயே வந்துவிடும். முழுக் கதையில் அரசன் வாசலும் அண்ணன் வாசலும் தாண்டிக் கடைசியில்தான் ஆறு.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். திரும்ப ஒரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். ஆற்றின் பெயரையும் கேட்டு மெல்ல உச்சரித்துப் பார்த்தார். பொழுது சாய்ந்துவிட்டது. தண்ணீர் கருத்ததும் எல்லாரும் நடந்தே திரும்பினோம்.

ஊருக்கு வந்த மறுநாள் காணிப்பாக்கம் போனேன். கோயில் குளத்தில் முழுகிவிட்டு, ஈரத்துணியோடு விநாயகர் முன் சத்தியம் செய்ய ஒரு குடும்பம் நின்றிருந்தது. அந்தச் சந்நிதியில் பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் பக்கத்தில் யாரும் துணியமாட்டார்கள். பாகுதாவில் மணல்தான் அதிகம், நடுவில் ஒரு கோடாகத் தண்ணீர். நானும் இறங்கவில்லை. ஆழ்துளைக் கிணற்றுச் செலவில் சித்தப்பா மகனிடம் மூன்று வருடமாக நான் ஒத்துக்கொள்ளாத ஒரு தொகை இருக்கிறது. பாகாலா பக்கம் போகும் பஸ் வர அரை மணி நேரம் இருந்தது. கரையிலேயே உட்கார்ந்து, அவன் வீட்டுக்குப் போய் முதலில் எதைச் சொல்லவேண்டும் என்று யோசித்தேன்.