தென்னங்கீற்று நடுவே வானம்

கொட்டாம்பட்டி, ஞாயிறு இரவு

காதுகுத்துப் படங்களை லைட்ரூமில் ஏற்றியாயிற்று. தென்னந்தோப்பில் எடுத்த ஒரு படம் மனதை விட்டுப் போகவில்லை. தாய்மாமன் மடியில் குழந்தை. இருவர் முகமும் நிழலில் சரியாக விழுந்திருக்கிறது. பின்னால் கீற்றுகளுக்கிடையே தெரியும் வானம்தான் கண்ணைக் கூசவைக்கிறது.

"அண்ணே, ஆளை வெட்டி எடுத்துட்டு வேற வானம் வச்சிரலாமா?" என்றான் தம்பி. வேண்டாம் என்றேன். குழந்தையின் பூனைமுடியும் கீற்று நுனியும் வெட்டுக்கு அடங்காது. அதோடு அன்று கருங்காலக்குடிப் பக்கம் இருந்த வானம் இதுதான். அதை ஏன் மாற்ற வேண்டும்?

முதலில் J விசையைத் தட்டிப் பார்த்தேன். சிவப்புத் திட்டுகள் சில கீற்று இடுக்குகளில் மட்டும்தான். மற்ற இடமெல்லாம் ராவ் கோப்பில் நீலம் உயிரோடு இருக்கிறது.

திங்கள்

மாஸ்க் பட்டியலில் Luminance Range எடுத்து வானத்தின் மேல் சொடுக்கினேன். ஆள், மரம் என்று இது எதையும் அறியாது. வெளிச்ச அளவு ஒன்றைத்தான் பார்க்கும். அதனால் ஆயிரம் கீற்று இடைவெளியையும் ஒரே நொடியில் பிடித்துவிட்டது. கூடவே மாமனின் வெள்ளை வேட்டியையும் பிடித்துக்கொண்டது!

அதற்கு Subtract கொடுத்து, பிரஷ்ஷால் வேட்டியைத் தேய்த்து நீக்கினேன். ஓரத்தில் கை பிசகினாலும் கவலையில்லை. வேட்டிக்குப் பின்னால் இருப்பது கருத்த தென்னந்தூர். அது முதலிலேயே மாஸ்க்கில் இல்லை. வேட்டி வானத்தைத் தொட்டபடி இருந்திருந்தால் இந்த வேலை இவ்வளவு எளிதாக முடிந்திருக்காது.

பிறகு எக்ஸ்போஷரை -0.9க்கு இறக்கினேன். வானம் நிறம் கண்டது. ஆனால் படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் கீற்று நுனியெல்லாம் வெள்ளை விளிம்பு கட்டியிருந்தது. நுனியில் இருக்கும் பிக்சல் பாதி பச்சை, பாதி வானம். அதன் வெளிச்சம் நடுத்தரமானது. நான் வைத்த எல்லை 70இல் செங்குத்தாக நின்றதால் அது வெளியே தங்கி, பழைய வெளிச்சத்திலேயே இருந்துவிட்டது. வெளிப்பிடியை 50 வரை இடப்பக்கம் இழுத்ததும் மாஸ்க் படிப்படியாகத் தேய்ந்து முடிந்தது, விளிம்பும் மறைந்தது. இன்னும் கீழே இழுத்தபோது குழந்தையின் நெற்றி வெளிச்சம் மங்கத் தொடங்கியது. 50தான் இந்தப் படத்துக்குச் சரி. வேறு படத்துக்கு வேறு எண் வரும். கண்தான் சொல்ல வேண்டும்.

எக்ஸ்போஷரை -1.5 வரை இறக்கியும் பார்த்தேன். J காட்டிய அந்த இடுக்குகள் நீலமாகாமல் சாம்பல் பூத்தன. அங்கே மீட்பதற்குத் தகவலே இல்லை. -0.9க்கே திரும்பினேன்.

தோப்பு நிழலில் படம் எடுப்பவர்கள் வானத்தின் நீலம் போகாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து, ராவில் எடுத்து வையுங்கள். முகத்தைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். வெளுத்துப்போன வானத்தை எந்த மாஸ்க்கும் திருப்பித் தராது.