எஃப்.என். என்றால் காலை

காலை ஒன்பது இருபத்திரண்டுக்கு அந்த அழைப்பு வந்தது. அன்று எனக்குத் தேர்வு மேற்பார்வைப் பணி இல்லை. துறை அறையில் விடைத்தாள் கட்டுகளோடு உட்கார்ந்திருந்தேன்.

"மிஸ், எனுக்கு இன்னிக்கு எக்ஸாம் காலைலயா மிஸ்? நான் மத்தியானம்னு நெனச்சிகினு இருந்தேன்."

அவள் பி.காம். இறுதியாண்டு. எர்ணாவூர்ப் பெண். முதலாண்டில் தமிழ்த்தாளில் தவறியவள், அதனால்தான் எனக்குப் பழக்கம். மற்ற எல்லாத் தாளையும் எழுதி முடித்துவிட்டு இந்த ஒரு அரியரை மட்டும் சுமந்துகொண்டிருந்தாள். தேர்வு பத்து மணிக்கு. வீட்டிலிருந்து கல்லூரிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல்.

"ஹால் டிக்கெட்டை எடுத்து அந்த வரியைப் படிம்மா" என்றேன். தேதி, தாளின் குறியீடு, பெயர், கடைசிக் கட்டத்தில் எஃப்.என். காலைதான்.

இந்தத் தவறு எப்படி நேர்கிறது என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். மாணவிக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிடுவது நமக்கு எளிது. அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஃபோர்நூன் என்ற சொல்லை நம் பிள்ளைகள் வேறெங்கும் கேட்டதில்லை. ரயில் நிலையத்திலும் கைபேசியிலும் அவர்கள் பார்ப்பது ஏ.எம்., பி.எம். அந்தப் பழக்கத்தில் ஏ.என். என்பதை ஏ.எம். போல வாசித்துக் காலை என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அப்படியானால் எஃப்.என். மதியமாகத்தானே இருக்க வேண்டும்? ஏ.என். தாளுக்குக் காலையிலேயே வந்து நிற்கிறவளுக்கு நான்கு மணி நேரக் காத்திருப்போடு போயிற்று. எஃப்.என். தாளுக்கு மதியம் வருகிறவளுக்கு ஒரு பருவமே போய்விடும்.

இவளுக்கு அந்தக் குழப்பம்கூட இல்லை. ஏ.என். மதியம் என்று தெரியும். அவள் வகுப்பின் தேர்வுகள் எல்லாமே மதியம் இரண்டு மணிக்கு. ஹால் டிக்கெட்டில் வரிசையாக ஆறு ஏ.என்., நடுவில் ஒரே ஒரு எஃப்.என். ஒரே மாதிரி வரிகளைக் கண் படிப்பதில்லை, தாண்டிப் போய்விடுகிறது. வழக்கமான தாள் என்றால் முந்தைய இரவே வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது நேரம் கேட்டிருப்பார்கள். அரியர் தாளுக்கு அந்தக் கூட்டம் கிடையாது. தோற்ற பாடத்தைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. தனியாகப் படித்து, தனியாகப் போய் எழுதிவிட்டு வருகிற தாள் அது.

"மத்தியானமே எழுத விடுவாங்களா மிஸ்?" என்று கேட்டாள். முடியாது என்றேன். காலையில் பிரிக்கிற வினாத்தாள் கட்டு வேறு, மதியம் பிரிப்பது வேறு பாடம். பதினொரு மணிக்குள் காலை வினாத்தாளின் படம் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும். அதே தாளை மதியம் யாருக்கும் கொடுக்க முடியாது. எந்த முதல்வரிடம் அழுதாலும் இதற்கு வழியில்லை. ஆகவே மன்னிப்புக் கடிதம் எழுதவோ ஆள் பிடிக்கவோ ஒரு நிமிடமும் செலவழிக்கக் கூடாது.

இருந்த ஒரே வழி அந்த அரை மணி நேரம். எங்கள் தேர்வுகளில் பத்தரை வரை உள்ளே விடுவார்கள். அது தாமதத்துக்குக் காட்டும் கருணை மட்டுமல்ல. அதே பத்தரை வரை உள்ளே இருப்பவர் யாரும் வெளியேற முடியாது. வினாத்தாளைப் பார்த்த ஒருத்தி வெளியே போன பிறகு புதிதாக ஒருத்தி உள்ளே வரக் கூடாது என்பதற்காக, ஒரு கதவு திறக்கும் நிமிடத்தில் மற்றது மூடுகிறது. அதனால்தான் பத்து முப்பத்தொன்றுக்கு வருகிறவளை அனுமதிக்க எவருக்கும் மனம் வந்தாலும் அதிகாரம் வராது.

மூன்று விஷயம் சொன்னேன். ஹால் டிக்கெட், கல்லூரி அடையாள அட்டை, இரண்டு பேனா, வேறெதையும் தேடாதே. பேருந்தில் வராதே. உன் பதிவெண்ணை இப்போதே சொல், எழுதிக்கொள்கிறேன்.

பேருந்து வேண்டாம் என்றதற்குக் காரணம் எண்ணூர் விரைவுச்சாலை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் அந்தச் சாலையில் எதன் பெயரிலும் விரைவு கிடையாது. ஆனால் எங்கள் மாணவிகளுக்குப் பேருந்துதான் வண்டி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் காசில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. அவள் அதில் ஒருமுறைகூட ஏறியதில்லை. "காசு வேணுமே மிஸ்" என்றாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு நூறு ரூபாயோடு கிளம்பு என்றேன்.

ஒன்பது முப்பத்தொன்றுக்கு வீட்டை விட்டாள். ஷேர் ஆட்டோவில் விம்கோ நகர் நிலையம், ஒன்பது நாற்பத்து நான்கு. கவுன்டரில் சீட்டு வாங்கி மேலேறி ரயில் பிடித்தபோது ஒன்பது ஐம்பத்திரண்டு. வண்ணாரப்பேட்டையில் இறங்கியபோது பத்து பன்னிரண்டு. அங்கிருந்து தனி ஆட்டோ.

இதற்குள் நான் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. தாமதமாக வருகிற பெண் வாசலில் தொலைப்பது இரண்டு நிமிடம் என்றால், அறிவிப்புப் பலகையின் முன் தொலைப்பது ஐந்து நிமிடம். அரியர் எழுதுகிறவர்களை அவரவர் வகுப்போடு உட்கார வைப்பதில்லை. வேறு ஆண்டு, வேறு துறைப் பிள்ளைகளோடு ஒரு மூலை அறையில் போடுவார்கள். பதிவெண்ணை வைத்து அறையையும் இருக்கையையும் கண்டுபிடித்து வைத்தேன். முதன்மைக் கண்காணிப்பாளரிடம் போய், ஒருத்தி வழியில் இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். "பத்தரை வரைக்கும் பார்க்கலாம் மேடம். அப்புறம் வருகைத்தாளில் ஆப்சென்ட் போட்டுக் கையெழுத்து ஆயிடும்" என்றார். அவர் சொன்னது சரி. நான் சலுகை கேட்கவில்லை. வாசல் காவலாளி அண்ணனிடமும் சொல்லிவிட்டு வெயிலில் நின்றேன்.

அப்படி நிற்கும்போது எனக்கு இன்னொருத்தி நினைவுக்கு வந்தாள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மதியம் ஒன்றரை மணிக்கு, தலை பின்னி, பூ வைத்து, சாமி கும்பிட்ட விபூதியோடு வந்தாள். காலைத் தாள் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. அடுத்த பருவத்துக்கு ஆறு மாதம். ஒரு ஆண் பிள்ளைக்கு ஆறு மாதம் என்பது ஆறு மாதம்தான். அவளுக்கு அது வீட்டில் சும்மா இருக்கிற பெண்ணாக மாறும் காலம். அந்த ஆறு மாதத்துக்குள் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். அந்தத் தாளை அவள் பிறகு எழுதவேயில்லை.

இவள் பத்து இருபத்தொன்றுக்கு ஆட்டோவிலிருந்து குதித்தாள். தலைமுடி ஈரம். துப்பட்டாவை மாற்றிப் போட்டிருந்தாள். கையில் மீன் வாடை இருக்குமோ என்று உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். "மாடி, பதினேழாம் ரூம், ஜன்னல் பக்கம் நாலாவது பெஞ்ச்" என்றேன். அவள் உட்கார்ந்தபோது பத்து இருபத்து நான்கு. முடிவு நேரம் எல்லோருக்கும் ஒரு மணிதான். தாமதமாக வந்தவளுக்குக் கூடுதல் நிமிடம் கிடையாது. அதனால் அறை வாசலில் ஒன்றே ஒன்று சொன்னேன்: பெரிய கேள்விகளை முதலில் எழுது, ஒரு மதிப்பெண் கேள்விகளுக்குக் கடைசி இருபது நிமிடம் போதும்.

ஒரு மணிக்கு வெளியே வந்தவளைத் துறை அறைக்கு அழைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். எப்போது கவனித்தாய் என்று கேட்டேன். அம்மா விடியலுக்கு முன்பே காசிமேட்டுக்கு ஏலம் எடுக்கப் போய்விடுவார். தண்ணீர் பிடித்து, தம்பிக்கு டிபன் கட்டி, மதியத்துக்குக் குழம்பு கூட்டி வைத்துவிட்டு, ஒன்பதரைக்கு மேல் படிக்கலாம் என்று ஹால் டிக்கெட்டை எடுத்திருக்கிறாள். அந்த ஒரு எழுத்து மட்டும் வேறாக இருந்ததை அப்போதுதான் பார்த்திருக்கிறாள். பிறகு ஒரு வாக்கியம் சொன்னாள். "காலைலன்னு தெரிஞ்சிருந்தா அம்மாகிட்ட இன்னான்னு மிஸ் சொல்றது? மத்தியானம்னா யார்கிட்டயும் கேக்க வேணாம்."

அந்த வாக்கியத்தோடுதான் இத்தனை நாளாக இருக்கிறேன். வகுப்பில் நான் சிறுபொழுது நடத்துகிறேன். நெய்தலுக்கு எற்பாடு என்று சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் இன்றைய நெய்தல் நிலத்தில் ஒரு பெண்ணின் முற்பகல் யாருக்குச் சொந்தம் என்று நான் கேட்டதில்லை. அவள் கண் தவறிப் படித்தது உண்மை. அதே சமயம், அவள் வீட்டில் அவளுக்கென்று கிடைக்கக்கூடிய ஒரே நேரத்தைத்தான் அந்தத் தாளில் படித்திருக்கிறாள். அவள் தம்பி இப்படித் தவறினால், அது வெறும் கண் பிழையாகத்தான் இருக்கும்.

கல்லூரித் தேர்வில் அந்த அரை மணியாவது உண்டு. இவர்கள் அடுத்து எழுதப்போகிற யூ.ஜி.சி. நெட் போன்ற கணினித் தேர்வுகளில் காலைப் பிரிவு ஒன்பது முதல் பன்னிரண்டு, மதியப் பிரிவு மூன்று முதல் ஆறு என்று நடக்கும். வாசல் மூடும் நேரம் அனுமதிச் சீட்டிலேயே அச்சாகியிருக்கும், அது தேர்வு தொடங்குவதற்கு முன்பே வந்துவிடும். தோழிக்கு மதியம் என்றால் நமக்கும் மதியம் என்று இருந்துவிட முடியாது.

இப்போதெல்லாம் ஹால் டிக்கெட் கொடுத்த மறுநாள் என் வகுப்பில் ஒரு வேலை நடக்கிறது. ஒவ்வொருத்தியும் தன் சீட்டை எடுத்து, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். எஃப்.என். என்று இருந்தால் அதன் பக்கத்தில் பென்சிலால் 'காலை 10' என்று ஒரு தனித்தாளில் எழுதிக்கொள்ள வேண்டும், ஹால் டிக்கெட்டில் எதுவும் கிறுக்கக் கூடாது. அரியர் உள்ளவர்கள் தனியாக வந்து என்னிடம் காட்டலாம். அந்தத் தனித்தாளை வீட்டில் அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டச் சொல்கிறேன். அவர்களுக்கு நினைவூட்ட அல்ல. அன்று காலை தண்ணீர் பிடிக்கவும் டிபன் கட்டவும் வேறு ஆள் வேண்டும் என்பதை வீட்டிலிருக்கும் மற்றவர்கள் ஒரு வாரம் முன்பே படித்துக்கொள்ள.

அவள் அந்தத் தாளில் தேறிவிட்டாள். தேர்ச்சிக்கு வேண்டியதைவிட இரண்டு மதிப்பெண் கூடுதல். அம்மாவிடம் முதலில் சொன்னாயா என்று கேட்டேன். "இல்ல மிஸ். மொதல்ல அந்த நூறு ரூபாயைக் குடுத்துட்டு வந்தேன்" என்றாள்.