வெளுப்புத் தூளும் பழுப்புக் கறையும்

மட்டாஞ்சேரியை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியில், 1976-இல் அமைக்கப்பட்ட தோபிகானாவில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் இன்றும் துணி வெளுக்கின்றன. டச்சுக்காரர் தம் படைவீரர்களின் சீருடைகளைத் துவைக்க இவர்களின் முன்னோரை அழைத்துவந்தனர் என்பது வழிவழிச் செய்தி. வெள்ளைத் துணியை நம்பி வாழும் தொழிலுக்கு இரும்பு கலந்த நீரைவிடப் பெரிய பகை இல்லை. கேரளத்தின் செம்பாறை நிலங்களிலும் கடலோரப் படிவுகளிலும் அத்தகைய நீர் பரவலாக உண்டு. மலையாளத்தில் துருவுக்குப் பெயர் ‘துரும்பு’. தமிழனின் துரும்போ வெறும் வைக்கோல் துண்டு.

ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து ஏறும் நீர் பளிங்குபோல் இருக்கும். காற்றுப் படாத ஆழத்தில் இரும்பும் மாங்கனீசும் நிறமின்றிக் கரைந்திருப்பதே காரணம். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் இரும்பு பழுப்புத் துகளாகிறது. நீரின் காரத்தன்மை கூடக்கூட இந்த மாற்றம் விரைவுபடும். சோப்பும் சலவைச் சோடாவும் காரம். ஆகவே துணி ஊறும் வாளியிலேயே துரு பிறந்து இழைகளுக்குள் படிகிறது. கறையைக் கண்டு பதறி வெளுப்புத் தூளைத் தூவுவோர் நிலைமையை மோசமாக்குகின்றனர். குளோரின், எஞ்சியிருந்த இரும்பையும் துருவாக்கித் துணியிலேயே நிலைபெறச் செய்துவிடும். மாங்கனீசு இருந்தால் கறை கருமை கலந்திருக்கும்.

அதே தூளை, துணியை நனைக்கும் முன்பே தொட்டியில் இட்டால் அது மருந்தாகும். 500 லிட்டர் தொட்டி. லிட்டருக்கு 3 மில்லிகிராம் இரும்பு என்று கொள்வோம். மொத்தம் ஒன்றரை கிராம் இரும்பு. அதற்கு ஏறத்தாழ ஒரு கிராம் குளோரின், அதாவது நல்ல வெளுப்புத் தூள் நான்கு கிராம் வேண்டும். தூளை ஒரு குவளை நீரில் கரைத்து, தெளிந்த பகுதியை மட்டும் மாலையில் ஊற்றிக் கலக்கவேண்டும். காலையில் லேசான குளோரின் வாடை எஞ்சியிருந்தால் அளவு போதுமானது. அறவே இல்லையெனில் தூளில் வீரியம் குறைந்திருக்கலாம், அல்லது இரும்பு கணித்ததைவிடக் கூடுதலாக இருக்கலாம். அடியில் படிந்த வண்டலைக் கலக்காமல் மேல்நீரை எடுத்து மணல் வடிகட்டியில் விடவேண்டும். செம்பாறை நீர் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது. அங்கே முதலில் சிறிது சுண்ணாம்புத் தெளிநீர் சேர்த்தால்தான் வேலை விரைவாக நடக்கும்.

மாங்கனீசு இவ்வளவு எளிதில் பணியாது. காற்றோ குளோரினோ அதை மெதுவாகவே மாற்றும். ஆனால் நாளடைவில் வடிகட்டி மணலின்மேல் படியும் கரும்பூச்சு, அடுத்து வரும் மாங்கனீசைப் பிடித்துக்கொள்ளும். அழுக்கென்று எண்ணி அதைத் தேய்த்துக் கழுவுவோர் வடிகட்டியின் உயிரையே கழுவிவிடுகின்றனர். சதுப்பு நிலத்தின் மட்கோடு பிணைந்த இரும்புக்கும் இம்முறை போதாது. ஏறும்போதே தேநீர் நிறம் காட்டும் நீர் அத்தகையது.

ஏற்கெனவே விழுந்த கறைக்கு எலுமிச்சையும் உப்பும் பூசி வெயிலில் காயவைப்பது பழைய வழக்கம். வலுவானது ஆக்சாலிக் அமிலம். அது நஞ்சு, கையுறை வேண்டும். எதைக்கொண்டு நீக்கினாலும் கடைசி அலசலுக்கு மழைநீரே நல்லது. கொச்சியில் அதற்குப் பஞ்சமில்லை.