நான் அறுத்த முகவரிகள்

ஏழு வருடமாக ஒரு சமையல் குறிப்புத் தளத்தை நடத்துகிறேன். அதிலுள்ள 140 குறிப்புகளின் இணைய முகவரிகளை இரண்டு முறை கெடுத்தவன் நான்தான். முதல் முறை கவனிக்காமல் விட்டதால், இரண்டாம் முறை அவசரத்தால். அதன்பிறகு ஒரு பொய்யும் சொன்னேன். மூன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

தொடங்கிய காலத்தில் தலைப்பைத் தமிழில் தட்டினால் போதும், வேர்ட்பிரஸ் அதையே ஸ்லக்காக, அதாவது முகவரியின் கடைசித் துண்டாக, எடுத்துக்கொள்ளும். உலாவியின் முகவரிப் பட்டையில் தமிழ் அழகாகத் தெரிந்தது. தமிழ்ச் சமையலுக்குத் தமிழ் முகவரி என்று பூரித்துப்போனேன். அதை ஒருமுறைகூட நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்க்கவில்லை. ஒட்டியிருந்தால் உண்மை தெரிந்திருக்கும்:

```
க   →  %E0%AE%95
கா  →  %E0%AE%95%E0%AE%BE
```

யூனிகோடில் ‘கா’ என்பது ‘க’ ஒரு குறி, துணைக்கால் இன்னொரு குறி. ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரிகிறது. ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம் வேண்டும். வேர்ட்பிரஸின் தரவுத்தளம் ஒரு ஸ்லக்குக்கு ஒதுக்குவது 200 இடம். தமிழில் அது 22 குறிகளோடு தீர்ந்துவிடும்.

‘செட்டிநாடு கத்தரிக்காய் காரக்குழம்பு’ என்று ஒரு குறிப்பு எழுதினேன். ‘செட்டிநாடு’ 10 குறி, 90 இடம். நடுவில் ஒரு கோடு, 1 இடம். ‘கத்தரிக்காய்’ 12 குறி, 108 இடம். மொத்தம் 199. காரக்குழம்புக்கு இடமே இல்லை, அப்படியே வெட்டுப்பட்டது. அடுத்து அதே தொடக்கத்தோடு வறுவலும், பிறகு கோசமல்லியும் எழுதினேன். அவையும் அதே இடத்தில் வெட்டுப்பட, மூன்றும் ஒரே முகவரியாயின. இரண்டு பக்கங்களுக்கு ஒரே ஸ்லக் இருக்க முடியாது என்பதால் பின்னால் எண் சேர்ந்தது. ‘-2’ உட்கார இரண்டு இடம் தேவை, இருந்ததோ ஒன்று. அதனால் கடைசிக் குறியான புள்ளியும் போனது:

```
செட்டிநாடு-கத்தரிக்காய்
செட்டிநாடு-கத்தரிக்காய-2
செட்டிநாடு-கத்தரிக்காய-3
```

எது குழம்பு, எது வறுவல் என்று இவற்றைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ‘காய்’ என்பதன் புள்ளி தொலைந்து ‘காய’ ஆனதை நான் இரண்டு வருடம் கவனிக்கவேயில்லை. இதில் தமிழின் குறை எதுவும் இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவின் பக்கங்கள் தமிழ் முகவரியில்தான் இருக்கின்றன. அங்கே தலைப்பின் அளவு 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறிகள். என் தளத்திலேயே ‘கத்தரிக்காய்-வறுவல்’ என்று நான் கையால் சுருக்கிக் கொடுத்திருந்தால் 163 இடத்தில் அடங்கியிருக்கும். தலைப்பு வேறு, முகவரி வேறு என்று யோசிக்காதது என் பிழை.

மதுரையிலிருந்து ஒரு வாசகி, என் அம்மா வயது இருக்கும், போன் செய்தார். “தம்பி, மகளுக்கு வறுவல் லிங்க்கை வாட்ஸப்ல அனுப்பினேன். ஒரே நம்பரும் எழுத்துமா நீளமா வந்துச்சா, வைரஸோன்னு பயந்து அவ திறக்கவே இல்லப்பா.” எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றிரவே எல்லாவற்றையும் ஆங்கில எழுத்துக்கு மாற்ற உட்கார்ந்தேன்.

ஐஎஸ்ஓ 15919 என்ற எழுத்துப்பெயர்ப்பு முறைப்படி மாற்றும் நிரல் ஒன்று கிடைத்தது. அந்த முறையில் ழகரத்துக்கும் ளகரத்துக்கும் தனித்தனி அடையாளக் கோடும் புள்ளியும் உண்டு. முகவரியில் அவை வேண்டாம் என்று உதிர்த்துவிட்டேன். உடனே ல, ள, ழ மூன்றும் `l` ஆயின. இன்னொன்றையும் யோசிக்கவில்லை: அந்த முறை எழுத்தைப் பெயர்க்கிறது, ஒலியை அல்ல. ‘குழம்பு’ என்பதில் நாம் எழுதுவது பகரம், உச்சரிப்பது மென்மையான `b`. நிரலுக்கு அது தெரியாது. கிடைத்தது இது:

```
cettinatu-kattarikkay-karakkulampu
```

தமிழ் பேசும் எவரும் இப்படித் தட்டமாட்டார்கள். அதை நான் படித்துப் பார்த்தேன், சரியில்லை என்று எனக்கே பட்டது. ஆனாலும் விட்டுவிட்டேன், ஏனென்றால் வேலை சீக்கிரம் முடிந்தது.

அதைவிடப் பெரிய தவறு, மாற்றிய விதம். வேர்ட்பிரஸின் திருத்தும் பக்கத்தில் ஸ்லக்கை மாற்றினால் பழையதை அது `_wp_old_slug` என்ற பெயரில் சேமித்து வைத்துக்கொள்ளும். பழைய முகவரிக்கு வருபவரை 301 குறியீட்டோடு புதியதற்குத் திருப்பிவிடும். நான் தரவுத்தளத்தில் நேரடியாக `UPDATE` கட்டளை கொடுத்து மாற்றினேன். அந்த வழியில் போனால் பழைய முகவரி எங்கேயும் பதிவாகாது. இது எனக்குத் தெரியும். 140 பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறக்கச் சோம்பல்பட்டு, தெரிந்தே செய்தேன். விடிந்தபோது அதுவரை பகிரப்பட்ட அத்தனை இணைப்புகளும் 404 காட்டின.

அந்த அம்மா மறுபடி அழைத்தார். தான் சேர்த்துவைத்த இருபது குறிப்புகளில் ஒன்றுகூடத் திறக்கவில்லை என்றார். “எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா தம்பி?” என்று கேட்டார். சர்வரில் ஏதோ கோளாறு, சரியாகிவிடும் என்று சொல்லி வைத்தேன்.

சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. முதலில், மாற்றத்துக்கு முந்தைய தரவுத்தளப் பிரதியைத் திறந்து, ஒவ்வொரு குறிப்பின் எண்ணையும் பழைய ஸ்லக்கையும் பட்டியலிட்டேன். ஸ்லக் எத்தனை முறை மாறினாலும் அந்த எண் மாறுவதில்லை. பழையதையும் புதியதையும் இணைக்க அது ஒன்றுதான் பாலம்.

பிறகு தளத்தின் தேடல் பெட்டியில் மக்கள் என்ன தட்டியிருக்கிறார்கள் என்று படித்தேன். அதை வைத்து ஒரு சொற்பட்டியல் எழுதினேன். ழகரத்துக்கு `zh`. மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் ஒலிக்கிறபடி: ம்ப `mb`, ங்க `ng`, ண்ட `nd`. ஊர்ப்பெயர் வழக்கமான ஆங்கில எழுத்திலேயே. விதிக்கு அடங்காத சொல்லுக்கு மக்கள் தட்டும் வடிவம். விதிப்படி `katharikkai` என்று வரவேண்டியதைப் பெரும்பாலானோர் `kathirikai` என்றே தட்டியிருந்தார்கள், அதையே வைத்தேன். இலங்கை வாசகர்கள் பலர் `kulambu` என்று தட்டியிருந்தார்கள். இரண்டையும் முகவரியில் வைக்க முடியாது. `kuzhambu` முகவரிக்குப் போனது, `kulambu` என்பதைக் குறிப்பின் உள்ளே எழுதினேன். ஒரு சொல்லுக்கு ஒரே வடிவம் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

```
chettinad-kathirikai-kara-kuzhambu
chettinad-kathirikai-varuval
chettinad-kathirikai-gosamalli
```

இம்முறை ஒவ்வொரு பக்கத்தையும் கையால் திறந்து மாற்றினேன். நிரல் தந்த முகவரி தானாகவே பதிவானது. அதற்கு முந்தைய தமிழ் முகவரியையும் `_wp_old_slug` பதிவில் நானே சேர்த்தேன். பிறகு 280 பழைய முகவரிகளையும் `curl -I` கொடுத்துச் சோதித்தேன். முதல் வரியில் 301 வரவேண்டும், `Location` வரியில் சரியான குறிப்பின் முகவரி இருக்கவேண்டும். ஆறு முகவரிகள் 404 காட்டின. தமிழ் ஸ்லக்கை நான் தமிழ் எழுத்தாகவே ஒட்டியிருந்தேன். தரவுத்தளம் அதை % வடிவில்தான் வைத்திருக்கிறது. அவற்றைத் திருத்தினேன்.

கடைசியாக அந்த அம்மாவை அழைத்தேன். சர்வர் கோளாறு இல்லை, நான்தான் சோம்பலில் அறுத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, லைனிலேயே இருக்கச் சொன்னார். பழைய வாட்ஸப் செய்தியில் இருந்த அந்த நீளமான இணைப்பைத் தொட்டார். வறுவல் பக்கம் திறந்தது. இருபதையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து முடிக்கும்வரை நான் போனை வைக்கவில்லை.