நெட்டியில் இருப்பது என்ன?

பள்ளிக்கரணையில் அத்தை வீட்டில் ஒரு பிறந்தநாள். கேக் வெட்டி முடிந்ததும் அத்தை பேரப்பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தார். மூத்தவள் முகத்தை இரு கைகளாலும் வழித்து, மடக்கிய விரல்களைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். படபடவென நெட்டி முறிந்தது. "பாரேன், எவ்வளவு கண்ணு பட்டிருக்கு எம் புள்ளைக்கு!" அடுத்தவனுக்கு இரண்டே சத்தம். கடைக்குட்டிக்கு ஒன்றுமே வரவில்லை. "இவன ஒரு கண்ணும் அண்டாது" என்று அத்தை அவனை அனுப்பிவிட்டார். அவன் முகம் வாடிப்போனது.

அத்தையின் விரல்கள் மூன்றாவது பிள்ளைக்கு ஏன் ஊமையாகின என்ற கேள்விதான் என்னைத் தேட வைத்தது. நானும் ஆபீசில் மணிக்கொருமுறை சொடக்கு எடுப்பவன். ஒருமுறை எடுத்த விரலை உடனே மறுபடி இழுத்தால் சத்தம் வராது என்று எனக்கும் தெரியும். காரணம்தான் தெரியாது.

பதில் 1947-லேயே லண்டனில் கிடைத்திருக்கிறது. ராஸ்டன், வீலர் ஹெய்ன்ஸ் என்ற இரு உடற்கூற்று ஆய்வாளர்கள், விரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எக்ஸ்ரே எடுத்தார்கள். முதலில் எலும்புகள் மிக மெதுவாகவே விலகின. இழுவிசை ஏறக்குறைய 8 கிலோவை எட்டியபோது மூட்டு சட்டென்று பிளந்து திறந்தது. நெட்டி விழுந்தது அந்த நொடியில்தான். அதே மூட்டை உடனே மறுபடி இழுத்தபோது அது தடையில்லாமல் விலகியது, சத்தம் மட்டும் வரவில்லை. மூட்டு பழைய நிலைக்குத் திரும்பி மறுபடி நெட்டி தர ஏறக்குறைய 20 நிமிடம் பிடித்தது. அத்தை மூன்று பிள்ளைகளையும் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டார். கண்ணேறு பெரும்பாலும் மூத்தவளுக்கே போனதன் ரகசியம் வரிசையில்தான் இருந்தது. கடைக்குட்டியை முதலில் நிறுத்தியிருந்தால் அவன்தான் அன்றைக்கு ராஜா.

அந்த 20 நிமிடத்தில் மூட்டுக்குள் என்ன நடக்கிறது? மூட்டைச் சுற்றி ஓர் உறை, அதற்குள் வழவழப்பான திரவம், அந்தத் திரவத்தில் கரைந்த வாயு. எலும்புகளை இழுத்தால் உள்ளிடம் பெரிதாகிறது. உறை மூடியிருப்பதால் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வந்து நிரப்ப முடியாது. அழுத்தம் சரிகிறது. கரைந்திருந்த வாயு குமிழாக வெளிப்படுகிறது. அது திரவத்தில் மறுபடி கரைந்து முடியும்வரை அடுத்த நெட்டிக்கு வழியில்லை. இதை 1971-ல் அன்ஸ்வொர்த், டௌசன், ரைட் ஆகியோர் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். சத்தத்துக்கு அவர்கள் சொன்ன காரணம், உருவான குமிழ் உடனே நசுங்குவது.

இதை வாசித்தபோது, கப்பல் பொறியியல் படித்த நண்பர் ஒருவரிடம் பேசினேன். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். "எங்க பாடத்துல இது பெரிய தலைவலி சார்" என்றார். கப்பலின் சுழல்விசிறி வேகமாகச் சுற்றும்போது அதன் முதுகுப்புறத்தில் நீரின் அழுத்தம் விழுந்து குமிழ்கள் தோன்றுமாம். அவை நசுங்கும்போது எழும் அதிர்ச்சி, விசிறியின் உலோகத்தையே அரித்துக் குழி பறித்துவிடும். 1917-ல் ராலே பிரபு இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். உலோகத்தை அரிக்கும் சங்கதி என் விரலுக்குள்ளும் நடக்கிறதா என்று கையைப் பார்த்துக்கொண்டேன்.

2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கிரெக் காவ்சக் குழுவினர் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் விரலை விட்டு இழுத்துப் படம் பிடித்தார்கள். நெட்டி விழுந்த பிறகும் குமிழ் அப்படியே இருந்தது! நசுங்கினால்தானே காணாமல் போக வேண்டும்? எனவே குமிழ் பிறப்பதே சத்தம் என்றார்கள். ஆனால் அந்தப் படங்கள் நொடிக்கு மூன்று சட்டங்கள் அளவில் எடுக்கப்பட்டவை. நெட்டிச் சத்தமோ அதைவிடப் பன்மடங்கு குறுகியது. இரண்டு சட்டங்களுக்கு நடுவில் என்ன நடந்தது என்பது படத்தில் விழாது. 2018-ல் வினீத் சந்திரன் சுஜாவும் அப்துல் பராக்கட்டும் அந்த இடைவெளியைச் சமன்பாடுகளால் நிரப்பினார்கள். குமிழ் முழுதாக நசுங்க வேண்டியதில்லை. ஓரளவு சுருங்கினாலே கேட்கும் அளவுக்குச் சத்தம் எழும், மிச்சக் குமிழ் மூட்டுக்குள் தங்கிவிடும் என்று அவர்கள் கணக்குக் காட்டியது. 1971-ம் 2015-ம் ஒன்றையொன்று பொய்யாக்கத் தேவையில்லை என்று ஆனது.

சத்தம் சரி, சுகம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் ராபர்ட் பௌட்டின் குழுவினர் 2017-ல் வெளியிட்ட அல்ட்ராசவுண்ட் ஆய்வில், நெட்டி விழுந்த மூட்டு முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக அசைந்தது தெரிந்தது. மூட்டின் உறையிலும் சுற்றியுள்ள தசைநார்களிலும் இழுவையை உணரும் நரம்பு முனைகள் உண்டு. மூட்டு சட்டென்று திறக்கும்போது அவை ஒருசேரத் தூண்டப்படுகின்றன. வெகுநேரம் தட்டச்சு செய்த விரல் இளகிய உணர்வு அதில் வரலாம். ஆனால் மெதுவாக நீட்டி மடக்கினாலும் விரல் இளகத்தான் செய்கிறது. அதற்கு யாரும் அடிமையாவதில்லை. வித்தியாசம் சத்தத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இறுக்கம் கூடிக்கொண்டே போய், ஒரு நொடியில் 'டக்'கென்று முடிந்ததை அது காதுக்கும் சொல்லிவிடுகிறது. செய்த வேலை முடிந்ததற்கு இவ்வளவு உடனடியான அத்தாட்சி ஆபீசில் வேறெதிலும் எனக்குக் கிடைப்பதில்லை. பதற்றமான மீட்டிங்குக்கு முன்னால் கை தானாக விரலைத் தேடுவது அதனால்தான். அத்தைக்கும் அப்படித்தான்: கண்ணுக்குத் தெரியாத திருஷ்டி கழிந்ததை அவர் அறிவது காதால்.

விரல் தேய்ந்து மூட்டுவலி வரும் என்று அம்மா பயமுறுத்துவார். கலிஃபோர்னியா மருத்துவர் டொனால்ட் உங்கரின் அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். உங்கர் 50 ஆண்டுகள் இடது கையில் மட்டும் தினமும் இருமுறையாவது நெட்டி எடுத்து, வலது கையை ஒப்பீட்டுக்கு விட்டுவைத்தார். இரண்டிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998-ல் எழுதினார். 2009-ல் இக் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே மனிதரின் கைகளை வைத்து உலகுக்குத் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் 1990-ல் 300 பேரை ஆராய்ந்தவர்களும் மூட்டுவாதத்துக்கும் இந்தப் பழக்கத்துக்கும் தொடர்பு காணவில்லை. நெட்டி எடுப்பவர்களிடம் கை வீக்கமும் பிடிவலுக் குறைவும் அதிகம் என்று அவர்கள் சொன்னதைப் பின்னர் பௌட்டின் குழு உறுதிப்படுத்தவில்லை. கப்பல் விசிறிக்கு நேர்வது விரலுக்கு நேர்வதாகத் தெரியவில்லை.

இந்தத் தேடலில் எனக்கு உபயோகமாக மிஞ்சியது அந்த 20 நிமிடம். மூட்டில் எழும் எல்லாச் சத்தமும் குமிழ்ச் சத்தம் இல்லை. குமிழ்ச் சத்தத்துக்கு ஓய்வு வேண்டும். மடக்கும்போதெல்லாம், நீட்டும்போதெல்லாம் இடைவெளியின்றி ஒரு சத்தம் வந்தால் அது வேறு. தசைநார் எலும்பின் மேடு தாண்டி நழுவுவதாக இருக்கலாம், குருத்தெலும்பு கரடுதட்டி உரசுவதாகவும் இருக்கலாம். வலி இல்லாதவரை அதற்கும் பதற வேண்டாம். சத்தத்தோடு வலியோ வீக்கமோ சேர்ந்தால், விரல் பாதியில் சிக்கி நின்றால், எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலிக்க வலிக்க முறுக்கிச் சத்தம் வரவழைப்பது எப்போதுமே தவறு. அத்தையிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: அடுத்த முறை பிள்ளைக்குப் பிள்ளை அரைமணி நேரம் விடுங்கள். "அதுக்கென்னடா, நடுவுல சாப்பாடு போட்டுட்டாப் போச்சு" என்றார்.