செப்பாங்கில் இறங்கும் கோலாலம்பூர்

அறந்தாங்கிப் பக்கத்தில் ‘ஏர்போர்ட் சவாரி’ என்றால் எந்த ஏர்போர்ட் என்று யாரும் கேட்பதில்லை. புதுக்கோட்டை, கீரனூர் தாண்டி, திருச்சி ஊருக்குள் நுழையும் முன்பே சாலையோரமாக அது வந்துவிடும். மலைக்கோட்டையை ஒருநாளும் ஏறிப் பார்க்காமல் வருஷக்கணக்காகத் திருச்சி வழியே சிங்கப்பூர் போய்வருகிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. வாசல் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது, பெயர் மட்டும் திருச்சிக்கா என்று சின்ன வயதில் எனக்கு ஒரு மனத்தாங்கல்கூட இருந்தது.

மூன்றெழுத்துகள் எங்களுக்கு அறிமுகமானது பெட்டியின் கைப்பிடியில் சுற்றியிருக்கும் வெள்ளைப் பட்டையில்தான். சபுராளிகள் அதைக் கிழித்துப் போடமாட்டார்கள். கல்யாண வீட்டுக்குப் போகும்போதுகூட அந்தப் பட்டையோடுதான் பெட்டி போகும். முதலில் வந்தவை எல்லாம் MAA. மதராஸ் என்ற பெயர் 1996-இல் அரசுக் காகிதங்களில் சென்னை ஆனபிறகும் அது மாறவில்லை, இன்றைக்கும் மாறவில்லை. ஊரின் பெயர் மாறினால் பலகையை மாற்றிவிடலாம். குறியீடு அப்படியல்ல. உலகம் முழுக்க டிக்கெட்டிலும் பெட்டிப் பட்டையிலும் கம்ப்யூட்டரிலும் ஏறிவிட்ட ஒன்றை, தக்க காரணமில்லாமல் ஐயாட்டா அமைப்பு தொடுவதில்லை.

பிறகு TRZ பட்டைகள் வர ஆரம்பித்தன. திருச்சிக்கு எதற்கு Z? நமக்குத் தோதாகத் தெரியும் எழுத்துகளில் வேறு ஊர்கள் உட்கார்ந்திருக்கின்றன. TRV திருவனந்தபுரம். TRR திருகோணமலை. TRI அமெரிக்காவின் டென்னசியில் இருக்கிறது. இருபத்தாறு எழுத்தை மூன்று மூன்றாக எப்படி அடுக்கினாலும் 17,576 சேர்க்கைதான் வரும், அதற்குள் உலகம் அடங்கவேண்டும். துபாய்க்கு DXB என்று நடுவில் X வந்ததும் இப்படித்தான். DUB அயர்லாந்தின் டப்ளினிடம் இருக்கிறது. GOA என்று தட்டினால் இத்தாலியின் ஜெனோவா வரும். நம் கோவா GOI.

இதில் எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு பொறி உண்டு: TCR. பார்த்த மாத்திரத்தில் திருச்சி என்றுதான் வாசிக்கத் தோன்றும். ஆனால் அது தூத்துக்குடி, அதாவது வாகைக்குளம். சென்னையில் இறங்கி உள்நாட்டு விமானம் மாறுகிறவர்கள் இந்த மூன்றெழுத்தை ஒருதடவை நின்று பார்ப்பது நல்லது.

மலேசியா போகிறவர்களுக்கு வேறு கதை. திருச்சியில் ஏறும்போது பட்டையில் KUL என்று பெரிதாக இருக்கும். இறங்குவது கோலாலம்பூரில் அல்ல, சிலாங்கூர் மாநிலத்துச் செப்பாங்கில். நகரத்துக்குப் போக நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஓடவேண்டும். அந்தக் காலத்து ஆட்கள் ‘சுபாங்’ என்றுதான் சொல்வார்கள். 1965 முதல் கோலாலம்பூரின் விமான நிலையம் அதுதான், KUL என்ற குறியீடும் அதனிடம்தான் இருந்தது. 1998-இல் செப்பாங்கில் புதிய நிலையம் திறந்ததும் குறியீடு மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டது. சுபாங்குக்கு SZB என்று புதிதாகக் கொடுத்தார்கள்.

அந்த மூன்றெழுத்து ஓடுதளத்துக்கு உரியதல்ல, ஊருக்கு உரியது என்பது இங்கேதான் பிடிபடுகிறது. நம் பக்கத்திலும் அப்படியே. கொச்சியில் வெலிங்டன் தீவிலிருந்து நெடும்பாசேரிக்கு 1999-இல் COK போனது. ஐதராபாத்தில் பேகம்பேட்டிலிருந்து சம்சாபாத்துக்கு 2008-இல் HYD போனது; பேகம்பேட்டுக்கு BPM மிச்சம். பயணிக்கு வேண்டியது கொச்சி, ஐதராபாத்; எந்த வயல்காட்டில் இறக்குகிறார்கள் என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். விமானிக்கு அப்படி இருக்க முடியாது. அவர்களுக்கென்று நாலெழுத்தில் இன்னொரு குறியீடு தனியே இருக்கிறது. திருச்சி VOTR. முதல் இரண்டு எழுத்து தென்னிந்தியாவைச் சொல்லும், மீதி இரண்டு இடத்தை. கொச்சியில் கடற்படையின் பழைய நிலையம் VOCC ஆகவே இருக்கிறது, நெடும்பாசேரி VOCI. டிக்கெட்டின் குறியீடு குடிபெயர்ந்தது. வானத்தின் குறியீடு இருந்த இடத்தில் இருந்துவிட்டது.

இந்த வித்தியாசம் தெரியாமல் என் மச்சான் ஒருவர் பட்ட பாடு இருக்கிறதே! சிங்கப்பூரில் வேலை. ஊருக்கு வர நேர் டிக்கெட் விலை ஏறியிருந்ததால், கோலாலம்பூர் வரை ஒன்று, அங்கிருந்து திருச்சிக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்கினார். இடையில் மூன்றரை மணி நேரம், தாராளம் என்று நினைத்தார். முதல் விமானம் இறக்கிவிட்டது சுபாங்கில். இரண்டாவது புறப்படுவது செப்பாங்கிலிருந்து. குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டியை எடுத்துக்கொண்டு, டாக்சி பிடித்து, மழையில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். தனித்தனி டிக்கெட் என்பதால் யாரும் பொறுப்பேற்கவில்லை.

“ரெண்டுலயும் கோலாலம்பூர்னுதானே மாப்ள போட்டிருந்துச்சு?” என்று என்னிடம் கேட்டார். போட்டிருந்ததுதான். KUL என்பது இரண்டு வேலை பார்க்கும் குறியீடு. செப்பாங் நிலையத்துக்கும் அதுதான், மொத்த நகரத்துக்கும் அதுதான். டிக்கெட் தேடும்போது KUL என்று கொடுத்தால் நகரத்துக்கு உரியவை எல்லாம் வந்து நிற்கும், SZB உள்பட. லண்டனில் இந்தக் குழப்பம் குறைவு. நகரத்துக்கு LON, ஹீத்ரோவுக்கு LHR, கேட்விக்குக்கு LGW என்று தனித்தனியே வைத்துவிட்டார்கள். ஒரே குறியீடு ஊருக்கும் நிலையத்துக்கும் சேர்ந்து கிடக்கிற இடத்தில்தான் கவனம் வேண்டும். ஊர்ப்பெயரை விட்டுவிட்டு, விமான எண்ணுக்குப் பக்கத்தில் வரும் மூன்றெழுத்தைப் பார்க்கவேண்டும். வந்திறங்கும் எழுத்தும் மாறி ஏறும் எழுத்தும் ஒன்றாக இல்லையென்றால் நடுவில் ஒரு சாலைப் பயணம் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஏற்பாடு ஐரோப்பாவில் உண்டு. அங்கே குறியீடு உள்ளூரைச் சொல்லும், பெயர் எங்கோ இருக்கிற பெரிய ஊரைச் சொல்லும். பாரிஸ் பெயரைத் தாங்கிய பொவே நிலையம் பாரிசிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல். அதன் குறியீடு BVA. ஜெர்மனியில் ஃபிராங்ஃபர்ட்-ஹான் இன்னும் மோசம், ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர். அமெரிக்க விமானப்படை விட்டுப்போன தளம் அது. ஹான் என்ற குக்கிராமத்தின் பெயரைப் போட்டால் யார் டிக்கெட் வாங்குவார்கள்? நீண்ட ஓடுதளம் ஏற்கெனவே கிடக்கிறது, மலிவு விமானங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் இடம் கிடைக்கிறது, விற்பதற்கு ஒரு பெரிய ஊரின் பெயர் வேண்டும். பெயர் வைப்பதில் வியாபாரிக்கு இடம் உண்டு. குறியீட்டில் அது அவ்வளவு எளிதில் நடப்பதில்லை; HHN என்ற எழுத்தில் ஹான் அப்படியே தெரிகிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டபின் புதுக்கோட்டைச் சாலையில் நிற்கிற நிலையத்தைத் திருச்சி என்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தானே!

மச்சானின் மகன் இப்போது ஜெர்மனியில் படிக்கிறான். லண்டனில் நண்பர்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு ஃபிராங்ஃபர்ட் வரை மலிவாக டிக்கெட் கிடைத்ததென்று படம் அனுப்பியிருந்தான். மச்சான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஊர்ப்பெயரைத் தாண்டிப் போய் எழுத்தைப் பார்த்திருக்கிறார். “HHN-னு இருக்கேடா அப்பு, FRA இல்லையே” என்றாராம். தெரியும்ப்பா, பஸ்ஸில் ரெண்டு மணி நேரம் ஆகும், அந்தக் காசையும் சேர்த்தாலும் இதுதான் மலிவு என்றிருக்கிறான் பையன்.