கிணற்றுக்கு எத்தனை படி

டிசம்பர் கடைசியில் உரக்கடைக்காரர் தாத்தாவுக்கு ஒரு டைரி கொடுப்பார். சிவகாசியில் அச்சடித்தது. ரெக்ஸின் அட்டையைத் திறந்தால் பசையும் புதுக் காகிதமும் கலந்து ஒரு வாசம் வரும், உங்களுக்கும் நினைவிருக்கும். முன்பக்கங்களில் அரசு விடுமுறை, தபால் கட்டணம், வட்டிக் கணக்கு. ஒவ்வொரு தேதிக்கும் கீழே பொடி எழுத்தில் ராகு காலம். நாமெல்லாம் முதல் பக்கத்தில் பேரும் ஊரும் எழுதி, பொங்கல் வரைக்கும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு அப்புறம் அதைக் கணக்கு போட்டுப் பார்க்க வைத்துக்கொள்வோம். தாத்தா மட்டும் டிசம்பர் 31 வரை எழுதுவார்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊர். ராத்திரிக் கஞ்சி குடித்துக் கையைக் கழுவுவார். வெற்றிலைப் பெட்டியை எடுத்தால் அதற்கடியில்தான் டைரி, டைரிக்குள்ளேயே பேனா. அப்பத்தா வெற்றிலைக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி மடித்துத் தருவதற்குள் எழுதி முடிந்திருக்கும். அந்தப் பேனாவை வேறு எதற்கும் எடுக்கவிட மாட்டார். பால் கணக்கு எழுத அப்பா கேட்டபோதுகூட, "அது அங்கனயே கெடக்கட்டும்ப்பா" என்றார். பேனாவைத் தேட வேண்டி வந்தால் அன்றைக்கு எழுத்து நின்றுபோகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் தனியாக நேரம் ஒதுக்கவில்லை. ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு, அந்த வெற்றிலையோடு, டைரியை முடிந்து வைத்திருந்தார்.

என்னதான் எழுதுகிறார் என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். "மழை இல்லை. கிணறு 14 படி. பருத்தி எடுப்பு 6 ஆள். பெரியவள் வந்து போனாள்." அவ்வளவுதான். முந்தின நாளும் அதே வரிசை, அதற்கு முந்தின நாளும் அதே வரிசை. வானம், கிணறு, செலவு அல்லது கூலி, வந்த ஆள். கிணற்றுப் படி என்றால் தண்ணீருக்கு மேலே தெரிகிற படிகளின் எண்ணிக்கை. மழை பெய்தால் அளவும் இருக்கும்: "ஒரு உழவு மழை." ஏர் பிடிக்கிற ஆழத்துக்கு மண் நனைந்தது என்று அர்த்தம்.

அந்த 1983 டைரியை இப்போது மடியில் வைத்துப் புரட்டுகிறேன். தையில் 11 படி, பங்குனியில் 19. சித்திரையில் 26. அப்புறம் ஒரு வரி: "தூர் வாரணும். ஆள் சொல்லியாச்சு." கவலையாக இருக்கிறது என்று எங்குமே எழுதவில்லை. ஆனால் ஏறிக்கொண்டே போகிற அந்த எண்ணைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை காய்கிறது. எந்த ஒரு நாளை எடுத்தாலும் எழுத ஒன்றுமில்லாத நாள்தான், அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு பஞ்சமே அதில் இருக்கிறது. 1984 அக்டோபர் 31-ஐத் தேடிப் பார்த்தேன். "மழை தூறல். கிணறு 8 படி. இந்திரா அம்மாளைச் சுட்டுட்டாங்க. பஸ் இல்லை. வெங்காயம் விக்கலை." எல்லா நாளைப் போலவும் அன்றைக்கும் வானத்தில்தான் தொடங்கியிருக்கிறார். பெரிய செய்தி தானாக வந்து வரிசையில் நின்றுகொண்டது.

புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி 1761-இல் இறக்கும் காலம் வரை எழுதிய நாட்குறிப்பும் இந்த வழிதான். துய்ப்ளேக்குத் துபாஷாக இருந்தவருக்கு நேரம் எங்கே கிடைத்திருக்கும்? ஆனாலும் வருஷம், மாசம், தேதி, கிழமை போட்டு ஆரம்பிக்கிறார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், யார் குவர்னரைப் பார்க்க வந்தார், என்ன பேச்சு நடந்தது. கண்ணால் கண்டது, காதால் கேட்டது. அந்த நாளின் பாண்டிச்சேரி நமக்குத் தெரிவது அந்தச் சின்னச் சின்ன வரிகளால்தான்.

எனக்கு இப்போது வெற்றிலைப் பெட்டி இல்லை. ராத்திரி கேஸ் அடுப்பில் மறுநாளுக்கான பாலைக் காய்ச்சுகிறேன், அது பொங்குகிற வரைக்கும் நின்றுகொண்டே எழுதுகிறேன். 200 பக்க நோட்டு ஒன்று. பக்கத்துக்கு மூன்று கோடு கிழித்தால் நான்கு நாளாகும். ஒரு வருஷத்துக்கு 92 பக்கம் போதும், ஒரே நோட்டு இரண்டு வருஷம் வரும். கட்டத்துக்கு மேல் எழுதக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு முழுப்பக்கம் என்று வெள்ளையாக விரிந்து கிடந்தால்தான் "என்னத்தை எழுத" என்று மலைப்பு வருகிறது. போனில் எழுதலாமே என்பீர்கள். போனைக் கையில் எடுத்தால் எழுதுவதற்கு முன்னால் வேறு நாலு செய்தி கண்ணில் பட்டுவிடும், பாலும் பொங்கிவிடும்.

தாத்தாவின் நான்கையும் என் வீட்டுக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டேன்: வானம், ஆள், காசு, காது. போன வாரம் ஒருநாள் ஆபீஸிலிருந்து எட்டரைக்கு வந்தேன், ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றியது. முதலில் கை எழுதப் போனது "வேலை அதிகம், களைப்பு" என்றுதான். இந்த இடத்தில் ஒரு சோதனை உண்டு. தேதியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். எந்த நாளுக்கும் அந்த வரி பொருந்துகிறது என்றால் அதில் சரக்கு இல்லை. மறுபடி யோசித்து நான்கையும் நிரப்பினேன். "மழை இல்லை, ஆறு மணிக்கு மேல் நல்ல காற்று. மாடிவீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தாங்க. கணக்கில் 410 ரூபாய் இடித்தது. ஒரே பில் ரெண்டு தடவை ஏறியிருந்தது, ஏழு மணிக்குத்தான் அகப்பட்டது. சில்லறை இல்லாட்டி இறங்குன்னு சத்தம் போட்ட கண்டக்டர், அடுத்த ஸ்டாப்பில் ஒரு பெரியவருக்குத் தன் காசில் டிக்கெட் கிழித்தார்." பால் பொங்க இன்னும் நேரம் இருந்தது.

விட்டுப்போன நாள் உங்களுக்கும் வரும். தாத்தா அந்தத் தேதிகளின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து "காய்ச்சல்" என்றோ "கோவில் கொடை" என்றோ ஒரு வார்த்தை எழுதுவார். பின்னால் போய் நிரப்ப மாட்டார். அப்படி நிரப்ப உட்கார்ந்தால் பத்து நாள் பாக்கி கடன்போல மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், அந்தக் கடனுக்குப் பயந்தே பலர் நோட்டைத் திறப்பதில்லை. அப்பத்தா போன நாளில் ஒரு வரிதான் இருக்கிறது, அவள் பேரும் நேரமும். மறுநாள் கோடு இல்லை. "கிணறு 9 படி" என்று இருக்கிறது. அதற்கப்புறம் பல நாள் துக்கம் கேட்க வந்தவர்களின் பேர். இப்போது அந்தப் பேர்களில் முக்கால்வாசிக்கு ஆள் இல்லை. கிணற்றையும் மண் அடித்து மூடி பிளாட் போட்டுவிட்டார்கள். அதற்கு எத்தனை படி என்று இந்த நோட்டுகளுக்குத்தான் தெரியும்.

உங்கள் நான்கு என்னென்ன என்று நீங்கள்தான் பார்த்து வைக்க வேண்டும், கிணறு இருந்த இடத்தில் ஒரு எண் இருந்தால் நல்லது. ஆட்டோ ஓட்டுகிற என் சிநேகிதர் தினமும் மீட்டரில் ஓடிய கிலோமீட்டரை முதலில் எழுதுகிறார். அதை எழுதும்போதே எங்கெங்கே போனோம், யார் ஏறினார்கள் என்று அடுத்த வரி வந்துவிடுகிறது என்கிறார். மாடித் தோட்டம் வைத்திருப்பவர் பூத்த பூவை எண்ணலாம். கைக்குழந்தைக்காரி அது எத்தனை தடவை எழுந்தது என்று எழுதலாம். ஜனவரிக்குக் காத்திருக்க வேண்டாம், புரட்டாசி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்கினாலும் கோடு கிழித்த நோட்டு ஒன்றும் சொல்லாது.